பேரருவியில் விழும் தண்ணீர் எவ்வளவு சூடாகும்?

செங்கோட்டையிலிருந்து சாரல் காலத்தில் குற்றாலம் போய்ப் பேரருவியின் கீழ் நின்றவர்களுக்கு அந்த அடி எப்படியிருக்கும் என்று தெரியும். அத்தனை வேகமாக விழும் தண்ணீர் கீழே வந்ததும் ஓய்ந்து, சாதாரண ஓடையாக நடக்கிறது. அந்த வேகம் எங்கே போனது? வெப்பமாக மாறியது. அப்படியானால் கீழே உள்ள தண்ணீர் மேலே உள்ளதைவிடச் சூடாக இருக்க வேண்டுமே!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கிலோ, அவ்வளவு உயரம் இறங்கினால் 1 × 9.8 × 60 என்று ஏறத்தாழ 588 ஜூல் ஆற்றல் கிடைக்கும். பாதி வழியில் பொங்குமாங்கடலில் விழுந்து மறுபடி இறங்கினாலும், மொத்த உயரம் மாறாததால் கணக்கும் மாறாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். 588ஐ 4,186ஆல் வகுத்தால் 0.14 டிகிரி. அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற வேண்டுமானால் அருவி 427 மீட்டர் உயரம் இருந்தாக வேண்டும்.

வெள்ளம் பெருகி வந்தால் கூடுதலாகச் சூடாகாதா என்று கேட்கலாம். ஆகாது. தண்ணீர் இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும்; சூடாக்க வேண்டிய தண்ணீரும் இரு மடங்காகிவிடும். உயரம் மட்டுமே கணக்கில் நிற்கிறது.

நம் முதுகு உணரும் அடியை வைத்து ஆற்றலை எடைபோடுவதால்தான் இந்த விடை நம்ப முடியாததாகத் தோன்றுகிறது. காற்றே தடுக்காவிட்டால், 60 மீட்டர் விழுந்த தண்ணீரின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் அந்த 588 ஜூலை, வெந்நீர் போடும் 1,500 வாட் ஹீட்டர் அரை வினாடிக்குள் கொடுத்துவிடும். அசையாமல் நிற்கும் தண்ணீரிலும் மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கின்றன. அருவி தரும் 34 மீட்டர் வேகம் அதற்கு முன் மிகச் சிறியது.

அந்த 0.14 டிகிரியும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. தண்ணீர் துளிகளாகச் சிதறும்போது ஆற்றலில் ஒரு பங்கு காற்றைக் கலக்குவதில் போய்விடும். ஆவியாதல் அதைவிடப் பெரிய திருடன்: ஒரு லிட்டரில் கால் கிராம் ஆவியானாலே 588 ஜூலும் போய்விடும். காற்று உலர்ந்திருந்தால் கீழே உள்ள தண்ணீர் குளிர்ந்தேகூட இருக்கலாம். ஜேம்ஸ் ஜூல் 1847இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனபோது அங்கே ஓர் அருவியில் இதை அளக்க முயன்றதாக அவர் நண்பர் வில்லியம் தாம்சன் பின்னாளில் எழுதினார். தண்ணீர் சிதறிப்போனதால் அளவு கைகூடவில்லை.

அருவியில் அளக்க முடியாததை நீர்மின் நிலையத்தின் மூடிய குழாயில் அளக்கிறார்கள். அங்கே ஆவியாகி ஓட வழியில்லை. விழும் ஆற்றலில் டர்பைன் எடுத்துக்கொள்ளாமல் வீணானது தண்ணீரைச் சூடாக்குகிறது. 100 மீட்டர் இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வீணானால் ஏற்றம் 0.023 டிகிரி. ஆயிரத்தில் ஒரு டிகிரியைக் காட்டும் வெப்பமானிகளால் இந்த வேறுபாட்டை அளந்து, டர்பைனின் திறனைக் கணக்கிடுகிறார்கள்.