நுரையீரலின் ஓரக்கோடு

நின்றபடி எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலின் வெளி ஓரம் தனியாகத் தெரியாது. தெரியக் கூடாது. நுரையீரலைப் போர்த்திய ப்ளூராவும், நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் படிந்திருக்கும் ப்ளூராவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஈரம் மட்டுமே. அந்த மெல்லிய உறையின் நிழல் சுவரின் நிழலோடு கரைந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே காற்று கசிந்த பிறகுதான் உள்ளுறை சுவரை விட்டு விலகுகிறது. இப்போது அதன் உட்பக்கம் நுரையீரலின் காற்று, வெளிப்பக்கம் கசிந்த காற்று. இரண்டு கருமைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைக் கோடு எழும்புகிறது. நியூமோதொராக்ஸில் நான் தேடுவது இதைத்தான்.

அந்தக் கோடு முழுநீளத்துக்கும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்-கதிர் உறையின் பரப்பை உரசிக்கொண்டு போகும் இடத்தில் மட்டும் அது கோடாக விழும். உறை வளைந்து திரும்பும் இடத்தில் கதிர் குறுக்கே கடந்துபோகும். அங்கே எதுவும் பதியாது. ஆகவே நடுவில் அறுந்து மறுபடி தொடங்கும் கோட்டைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவதில்லை. அறுந்த துண்டுகளை மனத்தில் இணைத்தால் நெஞ்சுச் சுவருக்கு இணையாக, வெளிப்பக்கம் புடைத்த ஒரே வளைவாக வருகிறதா என்று பார்க்கிறேன்.

*

நிற்கும் மனிதனின் நெஞ்சறையில் கசிந்த காற்று மேலே போகும். அதனால் முதலில் உச்சியைப் பார்க்க வேண்டும், காரை எலும்புக்கு மேலும் அதற்குப் பின்னும். ஆனால் படத்தில் மிகவும் நெருக்கடியான இடமும் அதுதான். முதல் மூன்று விலா எலும்புகளும் காரை எலும்பும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. விலா எலும்பின் கீழ் விளிம்பு சில இடங்களில் நுரையீரலின் ஓரத்துக்கு இணையாகவே ஓடும். அதை நியூமோதொராக்ஸ் என்று நினைப்பதும் உண்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கோட்டைத் தவறவிடுவதும் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிற்கும்போது ரத்த ஓட்டம் நுரையீரலின் கீழ்ப்பகுதிக்கே அதிகம். உச்சியில் ரத்தக் குழாய்கள் இயல்பாகவே மெலிந்திருக்கும். வெளி ஓரத்தின் ஓரிரு சென்டிமீட்டரில் ஆரோக்கியமான நுரையீரலிலும் குழாய்க் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடாது. காற்று போய்ச் சேரும் இடமும், குழாய்கள் சன்னமாகும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே ‘இங்கே குழாய்கள் இல்லை’ என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கோடு வேண்டும், அதற்கு வெளியே குழாய்கள் இல்லாமலும் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. புகை பிடித்துச் சிதைந்த நுரையீரலில் குழாய்கள் இருக்காது, கோடும் இருக்காது. தோல் மடிப்பில் கோடு போல ஒன்று இருக்கும், ஆனால் குழாய்கள் அதைக் கடந்து போகும்.

*

தோல் மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

மெலிந்த முதியவர்களைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கேசட்டைச் செருகிப் படம் எடுப்பார்கள். அப்போது முதுகின் தளர்ந்த தோல் கேசட்டின்மேல் மடிந்துகொள்ளும். படத்தில் அது நெஞ்சின் வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழாக ஓடும். அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு ப்ளூராக் கோடேதான்.

வேறுபாடு இதுதான்: ப்ளூரா ஒரு கோடு, தோல் மடிப்பு ஒரு விளிம்பு. கருப்புத் துணியின்மேல் ஒரு வெள்ளை நூல் கிடப்பது வேறு. சாம்பல் துணியும் கருப்புத் துணியும் சேரும் தையல் வேறு. நூலுக்கு இரண்டு பக்கமும் கருப்பு. தையலுக்கு ஒரு பக்கம்தான் கருப்பு. மடிப்பின் உட்பக்கத்தில் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல அடர்ந்து வந்து சட்டென்று நிற்கும். அதை ஒட்டி வெளியே ஒரு கரிய கீற்றுகூடத் தெரியும். அது படத்தில் இல்லை, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் நம் கண்ணின் வேலை. பிறகு அந்த விளிம்பைக் கீழே தொடர்ந்து போனால் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கும், அல்லது விலா எலும்புக் கூட்டையே தாண்டி வெளியே போகும். நுரையீரலின் உறை அப்படிப் போக முடியாது.

தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பும் இப்படி ஏமாற்றும். அதை மேலே தொடர்ந்தால் தோளில் போய் முடியும். நம் ஊர்ப் பெண்களின் பின்னல் முன்னால் விழுந்திருந்தால் உச்சியில் நீள நீளமான கீற்றுகள் வரும். அவை நெஞ்சை விட்டுக் கழுத்துக்கு ஏறிப்போவதைப் பார்த்ததும் சந்தேகம் தீரும். கூந்தலை மேலே தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் படம் எடுக்கிற டெக்னீஷியன் எனக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

*

ஓர் இரவு, 23 வயது இளைஞர். உயரம், ஒல்லி, சிகரெட் பழக்கம் உண்டு. காலையில் உட்கார்ந்திருக்கும்போதே வலது நெஞ்சில் சுருக்கென்று வலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். “தம்பி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்று சொல்லி நிற்கவைத்து எடுத்த படம். மூச்சை வெளியே விட்டும் ஒரு படம் எடுப்பது முன்பு வழக்கமாக இருந்தது. இழுத்துப் பிடித்த படமே ஏறக்குறைய அதே அளவு காட்டிக்கொடுக்கும் என்பதால் இப்போது அதை வழக்கமாகக் கேட்பதில்லை.

முதல் பார்வையில் இரண்டு நுரையீரலும் ஒரே கருமை. பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். “சார், கொலாப்ஸ் ஆன நுரையீரல் வெள்ளையா இருக்கணுமே?” என்றார். நியாயமான கேள்வி. நுரையீரல் சுருங்கும்போது காற்று குறைகிறது. கூடவே அதற்குள் ஓடும் ரத்தமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து குறைவதால் நிழலின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. மிகவும் சுருங்கி வேரோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது வெள்ளைக் கட்டியாகத் தெரியும். வெண்மையைத் தேடுகிறவருக்குச் சிறிய நியூமோதொராக்ஸ் அகப்படாது.

படத்தைப் பெரிதாக்கி, வலது உச்சியில் மூன்றாவது, நான்காவது விலா எலும்புகளின் பின்பகுதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குப் போனோம். எலும்பு இல்லாத அந்தப் பட்டையில்தான் கண்ணுக்கு வசதி. மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு அங்கே சாய்வாகக் கடந்தது. அதை மேலே தொடர்ந்தோம். மூன்றாவது விலா எலும்பின்மேல் ஏறி மறைந்து, அதற்கு மேல் மறுபடி வந்து, முதுகெலும்பின் பக்கம் வளைந்து இறங்கியது. விலா எலும்பின் விளிம்பாக இருந்தால் எலும்போடு போயிருக்கும். இது எலும்பைக் குறுக்கே கடக்கிறது. கீழ்நோக்கித் தொடர்ந்தால் பக்கச் சுவருக்கு இணையாக இறங்கி, ஏழாவது விலா எலும்பின் அருகே சுவரோடு கலந்துவிடுகிறது.

இனி இரண்டாவது சாட்சி. கோட்டின் உட்பக்கத்திலிருந்து ஒவ்வொரு குழாயாக வெளியே போகச் சொன்னேன். கிளை பிரிந்து சன்னமாகி, எல்லாம் கோட்டுக்கு உள்ளேயே முடிந்தன. ஒன்றுகூடக் கடக்கவில்லை. பிறகு இடது பக்கம் அதே உயரத்தில் பார்த்தோம். அங்கே குழாய்கள் சுவருக்கு இன்னும் நெருக்கமாகப் போயிருந்தன. ஒரே மனிதரின் மறுபக்கத்தை விட நல்ல அளவுகோல் கிடையாது.

பிறகு அளந்தோம். நெஞ்சறையின் உச்சியிலிருந்து நுரையீரலின் உச்சி வரை இரண்டரை சென்டிமீட்டர். நுரையீரல் வேரின் மட்டத்தில் சுவரிலிருந்து கோடு வரை ஒரு சென்டிமீட்டர். எந்த இடத்தில் அளந்தது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. பிரிட்டனின் 2010 வழிகாட்டுதல் வேரின் மட்டத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரியது என்றது. அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் உச்சியில் 3 சென்டிமீட்டரை எல்லையாக வைத்தார்கள். 2023-இல் பிரிட்டன் அளவை விட நோயாளியின் மூச்சுத் திணறலுக்கே முதலிடம் கொடுத்துவிட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது. படம் தட்டையானது, நெஞ்சறை அப்படியல்ல. வேரின் மட்டத்தில் 2 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அந்தப் பக்கத்துக் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி காற்று என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

மூச்சுக்குழல் நடுவில்தான் இருந்தது. இதயமும் தள்ளப்படவில்லை. வலது கீழ் மூலையில், விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் இடத்தில், கூர்மை சற்று மழுங்கி, வளையாத கிடைமட்டக் கோடு ஒன்று சின்னதாக இருந்தது. மேலே காற்று இருந்தால்தான் நீரின் மட்டம் அப்படி நேராக நிற்கும். உச்சியை யாராவது சந்தேகித்தாலும் இந்த மூலை அவருக்குப் பதில் சொல்லும்.

*

எழுத வேண்டிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிதைந்த நுரையீரலில் புல்லா என்ற பெரிய காற்றுக் கொப்புளம் குழாய்களே இல்லாத கருமையாக, மெல்லிய சுவரோடு தெரியும். அதன் கோடு எதிர்ப்பக்கம் வளையும். நெஞ்சுச் சுவரைப் பார்த்துக் குழிந்திருக்கும். அதை நியூமோதொராக்ஸ் என்று நினைத்து ஐ.சி.டி. குழாயைச் செருகினால் இல்லாத காற்றுக் கசிவை நாமே உண்டாக்குவோம். ஐயம் இருந்தால் சி.டி. எடுக்கலாம். மற்றது, நோயாளிக்கு மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கம் மூச்சொலியே கேட்கவில்லை என்றால் படத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த நிலையில் எக்ஸ்ரே அறைக்குப் போகும் தூரமே ஆபத்து.

*

அந்த இளைஞருக்குக் குழாய் போடவில்லை. சில மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. வலி மாத்திரையோடும், மூச்சு அதிகமானால் உடனே வரச் சொல்லியும் அனுப்பினார்கள். கசிவு நின்றிருந்தால் அந்தக் காற்றை உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும், நாளொன்றுக்கு நெஞ்சறைக் கொள்ளளவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை. இரண்டு வாரம் கழித்து வந்த படத்தில் கோடு இல்லை. நாங்கள் அளந்த அதே இடைவெளிக்குள் இப்போது சன்னமான குழாய்கள் வந்திருந்தன, மூலையும் கூர்மையாக இருந்தது.

துபாய் வேலைக்கு எப்போது விமானம் ஏறலாம் என்று கேட்டார். பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் குறைவு. நெஞ்சில் அடைபட்ட காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். படத்தில் முழுவதும் மறைந்த பிறகு ஒரு வாரம் போகட்டும் என்பதே வழக்கமான அறிவுரை. சிகரெட்டை விடாவிட்டால் அந்தக் கோடு மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்பதையும் நெஞ்சு நோய் மருத்துவர் சொல்லி, டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொன்னார்.