பரவையார் வாசலும் ஒரு துண்டுச் சீட்டும்

பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பேர் கலிக்காமருடையது என்றாலும், உள்ளே பெரும்பகுதி சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வாழ்க்கை. அதிலும் ஒரே ஓர் இரவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துகொண்டார். மகிழ மரத்தடியில் செய்துகொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டார், கண் பார்வை போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணைப் பெற்று, திருவாரூருக்கு வந்து மறு கண்ணையும் பெற்றுக்கொண்டார். அங்கிருந்த முதல் மனைவி பரவையாருக்கு எல்லாச் செய்தியும் முன்பே போய்விட்டது. சுவாமிகளின் பரிசனங்களை வீட்டுக்குள் விடவில்லை, கதவு அடைத்தாயிற்று. இது விளையாட்டுப் பிணக்கு இல்லை, நெஞ்சு வெந்த கோபம். அந்த அம்மாள் பக்கம் நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒத்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

சுந்தரர் என்ன செய்தார்? முதலில், விவரம் தெரிந்தவர்கள் சிலரை அனுப்பி இதமாகச் சொல்லச் சொன்னார். பரவையார் கேட்கவில்லை. நள்ளிரவில் சுந்தரர் ஆரூர்ப் பெருமானை நினைத்து உருகினார். பெருமானே தூது போகச் சம்மதித்தார். ஆனால் கோயிலில் பூசை செய்யும் ஆதிசைவர் வேடத்தில் போனார். பரவையார் மரியாதையாகக் கதவைத் திறந்தார். வந்தவர், நம்பி இங்கே வரவேண்டும், நீ கோபத்தை விடு என்று கேட்டார். ஒற்றியூரில் கட்டுண்டவருக்கு இங்கே என்ன வேலை, இது உங்கள் பெருமைக்கும் ஆகாது என்று அந்த அம்மாள் மறுத்துவிட்டார். பெருமான் திரும்பிவந்து, நடந்ததை நடந்தபடியே சுந்தரரிடம் சொன்னார். சுந்தரர் மறுபடியும் காலில் விழுந்தார். இரண்டாம் முறை பெருமான் வேடமில்லாமல், தம் சொந்த உருவத்தோடு, பூதகணங்கள் சூழப் போனார். அப்போதுதான் பரவையார் இசைந்தார்.

அடியேனுக்கு இதில் மனம் தங்குகிற இடம் ஒன்று. ஆட்களை அனுப்பியபோது நடக்கவில்லை. வேடம் போட்டு வந்தபோது நடக்கவில்லை, வந்தவர் கடவுளாகவே இருந்தும் நடக்கவில்லை. உள்ளது உள்ளபடி வந்து நின்றபோது நடந்தது. பூதகணங்களைக் கூட்டிக்கொண்டு போக நம்மால் ஆகாது. வேடத்தைக் கழற்ற முடியும்.

வீட்டிலே வந்து பார்ப்போம். ஒரு கணவன், தம்பியின் கடை முன்பணத்துக்காக மனைவியின் இரண்டு வளையலை அவளிடம் சொல்லாமல் அடகு வைத்துவிட்டான். ரசீது அவள் கண்ணில் பட்டது. கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் இவன், "உங்கப்பா வீட்ல போட்டது என்ன பெரிய நகை?" என்று தன் தாயார் முன்னால் வைத்தே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் பேசியதெல்லாம் பேசக்கூடாதவை. அவள் பிள்ளைகளோடு உள் அறையில் போய்ப் படுத்துவிட்டாள்.

அந்த ராத்திரியிலேயே கதவைத் தட்டி, சமாதானம் ஆகாமல் விடமாட்டேன் என்று நிற்பது உதவாது. திருவண்ணாமலையில் தை மாதம் இரண்டாம் நாள் திருவூடல் திருவிழாவில் பாருங்கள். அம்மன் கோயிலுக்குள் போய்விடுகிறாள், கதவு சாத்தப்படுகிறது. சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையை வலம் வந்த பிறகுதான் சேர்ந்துகொள்கிறார். ஓர் இரவு போகட்டும் என்பதற்கு அங்கே இடம் இருக்கிறது. காலையில் ஒரு சீட்டு எழுதலாம்.

காலையில் அவன் முதலில் எழுதியது இது: "நேத்து நடந்ததுக்கு சாரி. உன்னைப் புண்படுத்தியிருந்தா மன்னிச்சுக்கோ. ஆனா நீயும் யோசிச்சுப் பேசியிருக்கலாம். கோபத்தை விட்டுட்டுப் பழையபடி இரு."

படித்தால் பணிவாகத்தான் இருக்கிறது. அதுதான் வேடம். "புண்படுத்தியிருந்தா" என்கிறான், புண்பட்டாளா இல்லையா என்பதே இவனுக்கு இன்னும் சந்தேகம்போலத் தொனிக்கிறது. "ஆனா" என்று வந்ததும் முன்னால் சொன்ன மன்னிப்பு செல்லாமல் போகிறது, ராத்திரிச் சண்டை காகிதத்தில் தொடர்கிறது. வளையல் என்ற சொல் எங்குமே இல்லை. கடைசியில், கோபத்தை விடு என்று கட்டளை. ஆதிசைவர் கேட்டதும் இதைத்தானே? அவள் கோபம் அவளுடையது. அதை விடச் சொல்ல இவனுக்கு என்ன உரிமை?

நல்லவேளை, அதை அவன் கொடுக்கவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினான். அவள் பேரைச் சொல்லித் தொடங்கி, பிறகு இப்படி:

"உன்கிட்ட கேக்காம வளையலை அடகு வெச்சது தப்பு. நீ கேட்டது நியாயமான கேள்வி. உங்கப்பா வீட்டைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் அம்மா முன்னாடி. எனக்கு இப்ப கோபம் அடங்கிடுச்சு. உனக்கு இருந்தா இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைங்க டியூஷன் போனப்புறம் உக்காந்து பேசலாமா? நீ சொல்றதை முழுசாக் கேக்கறேன். இன்னிக்கு வேண்டாம்னா என்னைக்குன்னு நீயே சொல்லு."

இதில் செய்தது எது, சொன்னது எது என்று பேர் சொல்லியிருக்கிறான். ஏன் செய்தேன் என்ற விளக்கம் இல்லை. தம்பி கஷ்டம், கடைக்காரர் நெருக்கடி எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அது சாயங்காலத்துக்கு உரியது, சீட்டுக்கு உரியதல்ல. தன் மனம் அடங்கியதைச் சொல்கிறான், அவள் மனத்தை அடக்கப் போகவில்லை. பேச நேரம் கேட்கிறான், மறுக்க வழியும் விடுகிறான். பெருமானே ஒரு முறை மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார் என்றால், நமக்கு அதில் என்ன குறைவு?

சீட்டைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பக் கூடாது. அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லவும் கூடாது. சுந்தரர் அனுப்பிய ஆட்களுக்கு நேர்ந்ததே நேரும். குழந்தைக்கு அது தாங்காத பாரமும்கூட. அவள் மட்டும் பார்க்கிற இடத்தில், காபி டம்ளருக்கு அடியிலோ கைப்பையிலோ வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். படித்தாயா, படித்தாயா என்று பின்னாலேயே போனால் அதுவும் நெருக்குவதுதான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கை நீட்டி அடித்த வீட்டுக்கு இந்தச் சீட்டு போதாது. அங்கே அந்தப் பெண் பத்திரமாக இருப்பதுதான் முதல் காரியம். அவள் நம்புகிறவர்கள் பக்கத்தில் வரவேண்டும். அவள் தானாக விரும்பினால் ஒழிய, தனியாக உட்கார்ந்து பேசு என்று யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது. தூதுக்கு ஆள் அனுப்பிய கதையை அதற்குச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொன்ன வீட்டில், மத்தியானம் அதே சீட்டின் கீழே அவள் எழுதி வைத்திருந்தாள்: "ஆறு மணி வேண்டாம். ஏழரைக்கு. அத்தை இருக்கட்டும், அவங்க முன்னாடி சொன்னதை அவங்க முன்னாடியே பேசணும். அடகு ரசீதை எடுத்துட்டு வாங்க."