முதலில் யார் பெயர்?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் முனைவர் பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி சூலூரில் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். தன்விவரக் குறிப்பை ஒருமுறை பார்த்துத் தர வேண்டும் என்று கேட்டாள். பதினான்கு பக்கம். பயிலரங்கச் சான்றிதழ்கள், இணையவழிக் கருத்தரங்குகள், கவிதைகள், கட்டுரைகள் எல்லாம் தேதி வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன.

இந்தக் குறிப்புக்கென்று ஒரு வழக்கமான வரிசை உண்டு. கல்வித் தகுதி, பணி அனுபவம், வெளியீடுகள், ஆய்வுத் திட்ட நிதி, கற்பித்தலும் ஆய்வு நெறிப்படுத்தலும், நிறுவனப் பணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அண்மையில் செய்தது மேலே வரும். வெளியீடுகளை மட்டும் மேலும் பிரிக்க வேண்டும்: துறை வல்லுநர் மதிப்பீட்டுக்குப் பின் வெளிவந்த ஆய்விதழ்க் கட்டுரைகள், நூல்கள், தொகுப்பு நூல்களில் வந்த கட்டுரைகள், மொழிபெயர்ப்பு, படைப்பிலக்கியம். ஏற்கப்பட்டு இன்னும் அச்சாகாததைத் தனியே அப்படியே சொல்ல வேண்டும். கவிதையை ஆய்வுக் கட்டுரையோடு கலந்து எண்ணிக்கையைக் கூட்டினால், வாசிக்கும் குழு மற்றவற்றையும் சந்தேகிக்கும். நானும் கவிதை எழுதுகிறவள். என் தொகுப்புகளை நான் எப்போதும் தனித் தலைப்பில்தான் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு ஆய்வுத் திட்ட நிதி எதுவும் கிடைத்ததில்லை. அந்தத் தலைப்பின்கீழ் வேறு எதையோ இட்டு நிரப்பியிருந்தாள். தலைப்பையே எடுத்துவிட்டோம். இல்லாததை இல்லை என்று விடுவதில் அவமானம் இல்லை.

பிறகு கணக்குப் போட்டோம். 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள், நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியராவதற்கு எட்டு ஆண்டு அனுபவம், ஏழு கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 75 கேட்கின்றன. மொழித்துறையில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30.

அவள் தனியாக எழுதிய கட்டுரைகள் ஐந்து: 50. மூவர் பெயரில் வந்த ஒன்றில் இரண்டாவது பெயர் அவளுடையது: 3. இருவர் பெயரில் ஒன்று: 7. இந்திய அளவிலான பதிப்பகம் ஒன்று வெளியிட்ட நூல்: 10. அவள் நெறிப்படுத்தி முடித்த ஒரு எம்.ஃபில். ஆய்வேடு: 2. கூட்டினால் 72.

மூன்று குறைந்தது. இருவர் பெயரில் வந்த கட்டுரையை மறுபடி பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது.

சூலூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களில் பெண்கள் பாடும் ஒப்பாரி பற்றிய கட்டுரை அது. தறி ஓடாத நேரம் பார்த்து வீடு வீடாகப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்தவள் அவள். எழுத்தாக்கியதும் முதல் வரைவை எழுதியதும் அவள். நான் தலைப்பை மாற்றினேன், இரண்டு நூல்களைப் படிக்கச் சொன்னேன், சில வாக்கியங்களைத் திருத்தினேன். நெறியாளர் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அதற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். அப்போது என் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. "சேர்த்துப் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கோணுமாங்க மேடம்" என்றாள். நெறியாளரிடம் வேறு என்ன சொல்லிவிட முடியும்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விதியைக் கூர்ந்து பார்த்தால் வரும் கணக்கு இது. ஒருத்தி தனியாக எழுதினால் 10. அதே கட்டுரையில் இன்னொரு பெயர் ஒட்டினால் ஆளுக்கு 7, மொத்தம் 14. மூவரானால் 7, 3, 3, மொத்தம் 13. வேலை கூடவில்லை, மதிப்பெண் மட்டும் கூடுகிறது. ஒட்டிக்கொள்கிறவருக்கு எல்லாமே இலாபம்; இழப்பு முழுவதும் எழுதியவருடையது. என் பெயர் முதலில் வந்ததால்தான் அவளுக்குக் குறைந்தது என்றுகூட நான் தேற்றிக்கொள்ள முடியாது. இருவர் என்றால் வரிசை பொருட்டில்லை. என் பெயர் அங்கே இருந்ததுதான் அந்த மூன்று.

வரிசையை மாற்றி எழுதிவிடலாமா என்ற எண்ணம் வந்தது. கூடாது. அச்சில் எப்படி உள்ளதோ அப்படியே தர வேண்டும். குழு இதழை எடுத்துப் பார்த்தால் பொய்யாகிவிடும், அதுவும் அவளுடைய பொய்யாகிவிடும். செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெயர்களை அச்சிட்ட வரிசையில் தந்து, அவள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டி, கீழே ஒரு வரி: "களப்பணி, பதிவு, எழுத்தாக்கம், முதல் வரைவு என்னுடையவை." அந்த வரிக்குச் சான்றாக நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மதிப்பெண் இதனால் மாறாது. நேர்காணலில் கேட்டால் அவளிடம் பதில் இருக்கும்.

நிறுவனப் பணிகள் பகுதியில் "வரவேற்புக் குழு உறுப்பினர்" என்பது ஒன்பது முறை வந்திருந்தது. கோலம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு. அதே விழாக்களின் அழைப்பிதழ்களில் ஒருங்கிணைப்பாளர் என்று அச்சாகியிருந்தது ஆண் பேராசிரியர்களின் பெயர். ஆனால் விதிமுறையின் முதல் அட்டவணை எண்ணுவது வேறு வேலைகளை: விடுதிக் காப்பாளர், தேர்வு, மதிப்பீட்டுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், கருத்தரங்கு நடத்துவது. இவற்றில் காப்பாளர் வேலையை அவள் நான்கு ஆண்டு பார்த்திருக்கிறாள். ஒரு வரிகூட எழுதவில்லை. "அது வாய்மொழியாச் சொன்னதுங்க, ஆர்டர் எதும் தரல." ஆணை இல்லாத வேலைக்குச் சான்று இல்லை, குழுவின் முன் அது நடக்கவே இல்லை. மறுநாளே விடுதிப் பதிவேட்டில் உள்ள தன் கையெழுத்துகளைக் காட்டி, கல்லூரியிடம் எழுத்தில் சான்று கேட்கச் சொன்னேன். இதைப் படிக்கும் இளம் ஆசிரியைகளுக்கும் சொல்கிறேன்: எந்தப் பொறுப்பையும் தேதியிட்ட ஆணை கைக்கு வந்தபின் தொடங்குங்கள்.

கடைசிப் பக்கத்தில், "பிற" என்ற தலைப்பின்கீழ், மலையாளத்திலிருந்து அவள் தமிழாக்கிய ஓர் ஆய்வுக் கட்டுரை இருந்தது. பாலக்காட்டுப் பாட்டியிடம் கற்ற மொழி. அதனால் அதை அவள் படிப்பாகவே நினைக்கவில்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஒரு தொகுப்பில் வந்தது. மொழிபெயர்த்த கட்டுரைக்கு அட்டவணை 3 மதிப்பெண் தருகிறது. அதை வெளியீடுகளுக்குள் கொண்டுவந்தோம். 75.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய பாட்டியின் மொழி, நான் எடுத்துக்கொண்டதை ஈடுகட்டியிருந்தது. அந்தக் கட்டுரை அந்தத் தொகுப்பில் இல்லாமலிருந்தால்?

செய்யாததைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் தன்விவரக் குறிப்பின் நேர்மை என்று இருபது ஆண்டு நினைத்திருந்தேன். என் குறிப்பில் பொய்யான வரி ஒன்றும் இல்லை. கட்டுரை இருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு வரி உண்மையாக இருந்துகொண்டே இன்னொருத்தியின் உழைப்பை மறைக்க முடியும். நமக்கு மேலே இருந்த ஆண்கள் நம்மிடம் செய்ததைச் சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. எனக்குக் கீழே இருந்தவளிடம் நான் செய்ததற்கு "சேர்த்துப் போட்டுக்கலாமா" என்பதுதான் சொல்லாக இருந்தது.

அன்று இரவு என் குறிப்பைத் திறந்தேன். பெற்றுவிட்ட பதவி உயர்வைத் திருப்பித் தரவில்லை. அதற்கான துணிவு எனக்கு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மதிப்பெண் கணக்கிடும் பட்டியலிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தேன். வெளியீடுகளில் அச்சான வரிசையிலேயே விட்டு, கீழே எழுதினேன்: "களப்பணியும் எழுத்தும் இரண்டாம் ஆசிரியருடையவை." இப்போது ஆய்வில் சேரும் மாணவிகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: நீ எழுதுவதில் என் பெயர் வராது. அவர்கள் என்னிடம் கேட்க முடியாத கேள்வி அது.