இன்றைய சிந்தனை: டின் நம்பர் வந்தால் கணக்கும் காட்ட வேண்டுமா?

குச்சவெளிப் பிள்ளை ஒருவர், கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகாபொல கிடைக்கிறது. பின்னேரங்களில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை. 18 வயது தாண்டியதால் டின் நம்பரும் எடுத்தாயிற்று. நம்பர் வந்ததுமே வீட்டில் கலக்கம்: இனி வருடா வருடம் வருமான விபரத்திரட்டு கொடுக்க வேண்டுமோ?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹோட்டலில் சம்பளம் 28,000 ரூபாய். மாதாமாதம் பங்கிட்டுத் தரும் சேவிஸ் சார்ஜ் சுமார் 12,000. இதுவும் வேலை வருமானம்தான், மறக்கக் கூடாது. ஆண்டுக்கு 480,000. மகாபொல 2025 பாதீட்டில் 7,500 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு வரி உண்டா இல்லையா என்ற வாதமே வேண்டாம்; 12 மாதத்துக்கும் சேர்த்தே 90,000 போடுவோம். மொத்தம் 570,000. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. எல்லைக்கு இவர் கிட்டவும் போகவில்லை.

வரி கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாதவர், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கேட்டாலொழிய, விபரத்திரட்டு கொடுக்க வேண்டியதில்லை. டின் நம்பர் ஒரு பதிவு மட்டும்தான். ஆனால் கொடுக்கும்படி திணைக்களத்திலிருந்து அறிவித்தல் வந்தால், வருமானம் குறைவுதானே என்று அதை மூலையில் போடக் கூடாது. வரி இல்லை என்பதையும் விபரத்திரட்டில்தான் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் காசு போவது வேறு வழியால். அம்மா அவர் பெயரில் 2 இலட்சம் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார்; 8 வீத வட்டி, ஆண்டுக்கு 16,000. வங்கி அதில் 10 வீதம், அதாவது 1,600 ரூபாயை, முற்கூட்டியே வரியாகப் பிடித்துவிடும். வட்டியையும் சேர்த்தால்கூட மொத்த வருமானம் 586,000தான். கட்டவே தேவையில்லாத வரி அது.

இதைத் தடுக்க, தன் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்ற சுயபிரகடனப் படிவத்தை டின் நம்பருடன் வங்கியில் கொடுக்க வேண்டும். வட்டி விழுமுன் கொடுப்பதுதான் முக்கியம். ஒருமுறை பிடித்த காசு திணைக்களத்துக்குப் போய்விடும். வங்கியோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அதைத் திருப்பி எடுக்கத்தான் விபரத்திரட்டு தேவை. மார்ச் 31இல் முடியும் வரி ஆண்டுக்கு, அதையடுத்து வரும் நவம்பர் 30 கடைசி நாள். வங்கி தரும் வரிக்கழிவுச் சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த மாணவருக்கு விபரத்திரட்டு கட்டாயமில்லை. பிடித்த காசு திரும்ப வேண்டுமென்றால் மட்டும் அவரே விரும்பிக் கொடுக்கலாம். ஏப்ரலிலேயே வங்கிக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.