ஒருத்தி மட்டும் இருக்கும் கட்டம்

"அக்கா, நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சிடாதில்ல?"

வேலையை விட்டுப் போகும் பெண்கள் கடைசி நாள் நேர்காணலில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, "பேரே போட மாட்டேன்மா" என்று பதில் சொல்வது என் வழக்கம். நான் பொய் சொல்லவில்லை. யார் பெயரையும் போட்டதில்லை. ஆனாலும் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தேன்.

அந்த ஆண்டு 23 பேர் வேலையை விட்டிருந்தார்கள். அவர்களில் 9 பேர் பெண்கள். எல்லோருடைய பதில்களையும் சுருக்கி நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்: "சோதனைப் பிரிவில் பணியாற்றிய ஒருவர், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் முன்னறிவிப்பின்றி இரவு ஷிப்டுக்கு மாற்றப்பட்டதாகக் கூறினார்." அந்தப் பிரிவில் அந்த ஆண்டு பிரசவ விடுப்பு எடுத்தவள் ஒரே ஒருத்தி. மேலாளர் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். சில வாரங்களில் அவளுடைய புதிய நிறுவனம் சரிபார்ப்புக்காக அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "டீமோட ஒத்துப்போக மாட்டாங்க" என்று அவர் சொன்னதாகத் தெரியவந்தது. வேலையை விட்டுப் போனவளுக்கும் பழைய இடத்தின் நற்சான்று தேவைப்படுகிறது. போய்விட்டாள், இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பே தவறு.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெயர் நீக்கப்பட்ட அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் ஆய்வுக்காகத் தரப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு அந்த மாநில ஆளுநரின் பதிவையே எடுத்துக் காட்டினார். அவருக்காவது ஒரு வாக்காளர் பட்டியல் தேவைப்பட்டது. நம் மேலாளருக்கு அதுவும் வேண்டாம். அவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தவர். யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது, யார் எந்தச் சொல்லை அடிக்கடி சொல்வார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே நான் எதை மறைத்தேன் என்று பார்ப்பது போதாது. படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

இதற்கு மனிதவளத் துறையில் ஒரு விதி உண்டு. அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ஐந்துக்குக் குறைவாக இருப்பவர்கள் பெரும்பாலும் யார்? சோதனைப் பிரிவின் ஒரே தாய், குழுத் தலைவர்களில் ஒரே பெண், இரவு ஷிப்டில் இருக்கும் இரண்டு பெண்கள். இவர்களைக் காக்கும் விதியே இவர்களுடைய குரலை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுகிறது. எண்ணிக்கையில் நிறைந்திருப்பவர்களின் குறை "போக்கு" ஆகிறது. ஒருத்தியின் குறை "தனிப்பட்ட அனுபவம்" என்று குப்பைக்கூடைக்குப் போகிறது. காட்டிக்கொடுக்கவும் கூடாது, அழித்துவிடவும் கூடாது என்றால் என்னதான் செய்வது?

அந்த 23 பேரின் குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை யார் சொன்னார் என்று பார்க்காமல், அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தேன். திடீர் ஷிப்டு மாற்றத்தைப் பற்றி 8 பேர் பேசியிருந்தார்கள். 6 பெண்கள், 2 ஆண்கள். அந்த இரு ஆண்களில் ஒருவர் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர். "மொத்தம் 8 பேர், அதில் பெண்கள் 6" என்று எழுதினால், கழித்துப் பார்க்கிறவர்களுக்கு ஆண்கள் இரண்டு பேர் என்று தெரிந்துவிடும். அவரும் அகப்படுவார். "மொத்தம் 8 பேர்" என்று மட்டும் எழுதினால் யாரும் அகப்பட மாட்டார்கள். ஆனால் இது பெண்களைத்தான் அதிகம் துரத்துகிறது என்ற செய்தி காணாமல் போகும்.

முந்தைய ஆண்டின் குறிப்புகளையும் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகளில் வேலையை விட்ட 17 பெண்களில் 10 பேரும், 24 ஆண்களில் 5 பேரும் ஷிப்டு மாற்றத்தைச் சொல்லியிருந்தார்கள். இப்போது எந்தக் கட்டமும் ஐந்துக்குக் கீழே இல்லை. பெண்களில் பாதிக்கு மேல், ஆண்களில் ஐந்தில் ஒருவர். பிரிவின் பெயரோ, பிரசவமோ, டயாலிசிஸோ இல்லாமல் இதைச் சொல்ல முடிந்தது. முந்தைய ஆண்டு அறிக்கையில் ஆண், பெண் என்று பிரித்து எண்கள் தராததால்தான் இது முடிந்தது. தந்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மீண்டும் அந்த இருவரிடமே வந்து சேர்ந்திருப்பார்கள். மாதாமாதம் அறிக்கை கேட்கும் நிர்வாகத்துக்கு மறுப்புச் சொல்ல வேண்டியதும் இதனால்தான். மே அறிக்கையில் 14 பேர், ஜூனில் 15 பேர் என்றால், ஜூனில் போனவரின் பதில் முழுவதும் வெளியே வந்துவிடும்.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. எண்கள் சேரட்டும் என்று காத்திருந்தால், அந்த ஆண்டு முழுவதும் இரவு ஷிப்டில் இருப்பவள் என்ன செய்வாள்? அவளும் வேலையை விட்டு நமக்கு இன்னொரு எண்ணாக வேண்டுமா?

இங்கேதான் ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. அவள் சொன்னதை நிரூபிக்க அவள் வாக்குமூலம்தான் வேண்டும் என்பதில்லை. ஷிப்டு மாற்றம் பணி அட்டவணையில் பதிவாகிறது. எத்தனை மாற்றங்கள் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கப்பட்டன என்று நிறுவனம் முழுவதற்கும் அட்டவணையிலேயே எண்ணலாம். அதில் இன்னும் வேலையில் இருப்பவர்களின் மாற்றங்களும் வரும், புகார் சொல்லாதவர்களுடையதும் வரும். ஆக, யாரோ சொன்னதால் பார்த்தோம் என்றாகாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவள் காட்டினாள், அவ்வளவுதான். பேசியவளின் தோளிலிருந்து நிரூபிக்கும் சுமையை இறக்கி, முடிவு எடுத்தவர்களின் தாள்களில் வைப்பதை நான் நியாயம் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் இப்படிச் சுருக்கிவிட முடியாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒருத்தி பேசினால் அது "பணிச்சூழல் குறித்த அதிருப்தி" என்ற தலைப்புக்குள் கரைந்துவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டிய புகார். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். வேலையை விட்டவளுக்கும் அந்த உரிமை உண்டு. அவள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அவள் பேசத் தொடங்கும் முன்பே இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தக் கேள்விக்கு, "பேரே போட மாட்டேன்" என்று நான் பதில் சொல்வதில்லை. நேர்காணல் முடிந்ததும், எழுத நினைக்கும் வரிகளை அவளுக்கே வாசித்துக் காட்டுகிறேன். "இதைப் படிச்சா நீன்னு தெரியுமாம்மா?" என்று கேட்கிறேன். எந்தச் சொல்லில் தான் அகப்படுவோம் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிலர் ஒரு வரியை எடுக்கச் சொல்கிறார்கள். ஒருத்தி மட்டும், "இருக்கட்டும் அக்கா, தெரியட்டும்" என்றாள். அவள் சொன்னபடியே விட்டேன்.