பெயர் எழுதாத நன்றி

மலேசியாவில் ஒருவர் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்தாலும், மூளைச்சாவுக்குப் பிறகு குடும்பத்தாரிடமும் சம்மதம் கேட்பார்கள். அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் "சரி" என்றால்தான் சிறுநீரகம் இன்னொருவருக்குப் போகும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது இரு பக்கமும் ரகசியம். அதனால் நன்றிக் கடிதமும் பெயர், ஊர் இல்லாமல் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் போகும்.

அதில் என்ன எழுதுவது? "கடவுள் என் பிரார்த்தனையைக் கேட்டார்" என்று எழுதத் தோணும். ஆனா மகனை இழந்த தாய் அதைப் படித்தால், "அப்போ என் பிரார்த்தனை?" என்றுதானே கேட்பார்?

"இந்தக் கடனை அடைப்பேன்" என்பதும் சரியில்லை. அடைக்கவே முடியாது. பொறியியல் படிக்கிற எனக்குக் கணக்கு நேராகணும். நேராகாத கணக்கில் நன்றிக்கு என்ன அர்த்தம்?

எனக்குத் தோணுவது இதுதான். அன்று சொன்ன "சரி" என்ன ஆச்சு என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியணும். "வாரம் 3 நாள், 4 மணி நேரம் டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பேன். இப்போ தாகம் எடுத்தா குடிக்கிறேன். உங்கள் பிள்ளையின் சிறுநீரகத்தை என் உடல் ஒதுக்கிவிடாமலிருக்க, தினமும் நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறேன்." இவ்வளவு போதும்.

பதில் எதிர்பார்க்கக் கூடாது. கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பதும் அவர்கள் உரிமை.