பதினேழும் பதினெட்டும்

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் பேசினேன். நண்பர்களைத் தெரிவுசெய்வது பற்றி, நீதிமொழிகள் புத்தகத்திலிருந்து. யாரோடு நடக்கிறோமோ அவர்களின் குணம் நமக்குள் இறங்கிவிடும் என்று சொல்கிற 13ஆம் அதிகாரத்தில் தொடங்கினேன். பிள்ளைகள் அமைதியாகத் தலையாட்டிக் கேட்டார்கள். முடிகிற நேரம் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழும்பினான்.

"அண்ணா, என்ர கூட்டாளி ஓட்டோ எடுக்கப்போறான். லீசிங்குக்குப் பிணை நிக்கச் சொல்றான். சைன் வைக்காட்டி என்னோட கதைக்கமாட்டான். என்ன செய்யிறது?"

நான் கையில் வைத்திருந்த குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் வேதத்தில் இருந்தது. 17ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே 17ஆம் வசனம், உண்மையான சிநேகிதன் எந்தக் காலத்திலும் அன்பு மாறாதவன் என்கிறது. நம்மில் பலருக்கு அது மனப்பாடம். அதற்கு அடுத்த வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அயலானுக்காகக் கையடித்துப் பிணைப்படுகிறவனைப் புத்தியில்லாதவன் என்கிறது அது. எபிரெய மூலத்தில் இரண்டு வசனங்களிலும் தோழனைக் குறிப்பது ஒரே சொல்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதலாவதைப் படித்துவிட்டு மனம் இளகி நிற்கிறவனிடம்தான் கையெழுத்துக் கேட்பார்கள். வள்ளுவரும் நட்பு அதிகாரத்துக்கு அடுத்ததாக நட்பாராய்தலை வைத்தார்.

அன்று கையடித்துக் கொடுப்பது பிணைக்கு அடையாளம். இன்று அது ஒரு கையெழுத்து. அதன் கனம் கையெழுத்து வைக்கிற பையனுக்குத் தெரிவதில்லை. கூட்டாளி நல்லவன் என்பதற்குச் சாட்சி சொல்வதுபோல நினைத்து வைக்கிறான். தவணை நின்றுபோனால் நிலுவையைக் கேட்டு அவன் வீட்டுக்கும் கடிதம் வரும். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அந்தப் பிணையும் இருப்பதால், நாளைக்கு அவன் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கக் கடன் கேட்டுப்போனால் இந்தக் கையெழுத்து அங்கே முன்னால் நிற்கும். 22ஆம் அதிகாரம் இதைக் கூசாமல் சொல்கிறது: கட்ட வழியில்லாமல் பிணை நின்றால் நீ படுக்கிற படுக்கையும் போய்விடும்.

என் கதையையும் சொன்னேன். இருபத்துநாலு வயதில் ஒரு நண்பனின் ஓட்டோவுக்குப் பிணை நின்றேன். ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை, மாதத் தவணை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பானோ என்ற பயம். கடிதம் வந்த பிறகும் ஐந்து மாதம் அவனிடம் வாய் திறக்கவில்லை. அவன் வெட்கத்தில் என்னை விலத்திப் போனான். நான் கோபத்தில் அவனை விலத்திப் போனேன். காசை இரண்டு வருடத்தில் கட்டி முடித்தேன். அவன் திரும்பி வரவில்லை.

பிணை நின்றுவிட்டவனுக்கு 6ஆம் அதிகாரம் வழி சொல்கிறது. நித்திரையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே போ, உன்னைத் தாழ்த்திக்கொண்டு தோழனிடம் மன்றாடு, வேடன் கையில் அகப்பட்ட மான்போலத் தப்பப் பார். அந்த ஐந்து மாதத்தின் முதல் இரவே நான் அவன் வீட்டுப் படலையைத் தட்டியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தவணையைக் குறைக்கக் கேட்டிருக்கலாம். என் மௌனம்தான் நட்பைக் கொன்றது என்று இன்றும் நம்புகிறேன்.

ஒரு பிள்ளை கேட்டாள்: அப்படியென்றால் யாருக்குமே நிற்கக்கூடாதா? யூதாவைச் சொன்னேன். ஆதியாகமத்தில் அவன் தம்பி பென்யமீனுக்குப் பிணை நின்றான். விலை என்ன என்று தெரிந்துதான் நின்றான். தருணம் வந்தபோது தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்க முன்வந்தான். முழுக் கடனையும் நீயே கட்ட நேர்ந்தாலும் கூட்டாளியை வெறுக்காமல் இருக்க முடியுமானால் நில். முடியாதென்றால், திரும்பிவராது என்று தெரிந்தே கொடுக்கக்கூடிய தொகையைக் கையில் கொடு.

பிறகு அந்தத் தம்பியைத் தனியே கூப்பிட்டேன். "முதலில் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லு. ஒரு நாளைக்கு எவ்வளவு உழைக்கலாம், பெற்றோலுக்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் இருந்து எழுதிப் பாருங்கோ. நீ கேட்கிறதுக்கு அவன் எப்படி முகம் கொடுக்கிறான் என்று கவனி." கோபக்காரனோடு தோழமை வேண்டாம் என்று அதே 22ஆம் அதிகாரம் சொல்வதும் இதற்காகத்தான். ஒருவனின் கோபத்தை விருந்தில் காண முடியாது. நாம் மறுக்கும்போதுதான் அது தெரியும்.

அவன் கேட்டிருக்கிறான். கணக்கு ஒத்துவரவில்லை. கையெழுத்து வைக்கவில்லை, சேர்த்துவைத்த பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்திருக்கிறான். கூட்டாளி காசை வாங்கவுமில்லை, மூன்று கிழமையாகக் கதைக்கவுமில்லை. நேற்றுக் கடற்கரையில் கண்டபோது, இன்றைக்கு இரவு அவன் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னான். அந்தப் பத்தாயிரமும் காற்சட்டைப் பையில் இருந்தது.